வலியில்லாத கட்டி: விடுவதா, ஸ்கேனா, ஊசியா, கத்தியா?

"வலிக்கல டாக்டர், தொட்டா நகருது, அதான் விட்டுட்டேன்." அறுவை சிகிச்சை ஓ.பி.யில் காலையில் உட்கார்ந்தால் மதியத்துக்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் விட்டது சரிதான். ஆனால் அவர்கள் சொல்லும் இரண்டு காரணங்களில் ஒன்றுக்குத்தான் மதிப்பு உண்டு. நகர்வது ஒரு தகவல். வலிக்காதது தகவலே இல்லை. கொழுப்புக்கட்டி வலிக்காது. புற்றுநோய்க் கட்டியும் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. காசநோயால் கழுத்தில் நெறி கட்டினாலும் அப்படித்தான். உயிர் போகிற மாதிரி வலிப்பது சீழ் பிடித்த வேனல்கட்டிதான், அதுவோ உடைந்து சில நாட்களில் ஆறிவிடுகிற சமாச்சாரம்.

எனவே வலியை ஓரமாக வைத்துவிடுவோம். கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் என்ன மாற்றம் என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன. முடிவு என்று பார்த்தால் நம் முன்னால் நான்கு வழிகள் உண்டு. அப்படியே விட்டுக் கவனிப்பது, ஸ்கேன் எடுப்பது, ஊசி குத்தி எடுத்துப் பார்ப்பது, அறுத்து எடுப்பது. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. ஒரு கட்டிக்குப் புத்திசாலித்தனமான வழி இன்னொரு கட்டிக்குப் பெரிய கேடாக முடியும்.

நகருது என்றால் எது எதன் மேல் நகர்கிறது?

கட்டியைத் தள்ளிப் பார்த்து "நகருது" என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோம். அதை இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்க்கலாம். நம் உடம்பில் மேலே தோல், அதற்குக் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே தசையைப் போர்த்திய உறுதியான சவ்வு, பிறகு தசை. கட்டி இவற்றில் எந்த அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் கட்டியின் மேலுள்ள தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தோல் மட்டும் தனியாகத் தூக்கவந்து கட்டி கீழேயே கிடந்தால் அது தோலோடு ஒட்டியது இல்லை. கொழுப்புக்கட்டி அப்படித்தான் இருக்கும். அதன் விளிம்பை விரல் நுனியால் அழுத்தினால் பிடி கொடுக்காமல் நழுவிப் போகும். மாறாக, கிள்ளும்போது ஓர் இடத்தில் தோல் தூக்கவராமல் குழிந்து, கட்டியும் தோலோடு சேர்ந்தே வந்தால் அது பெரும்பாலும் தோலிலிருந்து பிறந்த பை, அதாவது சிஸ்ட். நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் அந்தக் குழிவில் மிளகைவிடச் சிறிதாக ஒரு கரும்புள்ளி தெரியலாம். அதுதான் பையின் வாய். எல்லா சிஸ்டிலும் அது தெரியாது. தெரிந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது தசையை இறுக்கிப் பார்ப்பது. இதைத்தான் பலரும் செய்வதில்லை, சில சமயம் டாக்டர்களும் கூட. தோளில் கட்டி என்றால் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி இன்னொருவர் அதைக் கீழே அழுத்தட்டும். முன்தொடையில் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை நீட்டி விறைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். தசை இறுகும்போதும் கட்டி முன்போலவே நகர்ந்து, முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தால் அது தசைக்கு மேலே இருக்கிறது. அதுவரை நகர்ந்த கட்டி, தசை இறுகியதும் நகராமல் பிடித்துக்கொண்டால் தசையோடு சம்பந்தப்பட்டிருக்கிறது. இறுக்கியதும் மறைந்தே போனால் தசைக்கு அடியில் இருக்கிறது. ஓய்வாக இருக்கும் தொடைத் தசை மெத்தென்றுதான் இருக்கும், அதோடு சேர்ந்து உள்ளே இருப்பதும் ஆடும். அதனால்தான் ஆழத்தில் இருக்கும் கட்டிகூட "நகருது" என்ற பெயரில் தப்பித்துக்கொள்கிறது.

கொழுப்புக்கட்டியும் சிஸ்டும் ஒரே மாதிரி இல்லை

நம் ஊரில் இரண்டையும் சேர்த்து "கொழுப்புக்கட்டி" என்று சொல்லிவிடுகிறோம். பரவாயில்லை. ஆனால் எடுப்பதா விடுவதா என்ற கேள்வியில் இரண்டும் பிரிந்து போகின்றன.

கொழுப்புக்கட்டி என்கிற லைபோமா, முதிர்ந்த கொழுப்புச் செல்கள் ஒரு மெல்லிய உறைக்குள் கூடி வளர்வது. நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள் அதிகம் தலைகாட்டும். தோள், மேல்முதுகு, கழுத்தின் பின்புறம், புஜம், தொடை ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். மெதுவாக வளர்ந்து ஓர் அளவில் நின்றுவிடும். உடம்பு இளைத்தால் கட்டி கரையாது. சுற்றியுள்ள கொழுப்பு குறைவதால் இன்னும் பளிச்சென்று தெரியும். எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துவது வேறு எதற்காவது நல்லதாக இருக்கலாம், இதற்கு அல்ல. கரைக்கும் மாத்திரை என்று விற்கிற எதுவும் நிரூபிக்கப்பட்டதில்லை. இது புற்றுநோயாக மாறுமா என்றால், நடைமுறையில் மாறுவதில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். பிரச்சினை வேறு. ஆரம்பத்திலிருந்தே வேறொன்றாக இருந்த கட்டியை நாம் லைபோமா என்று தவறாக நினைத்திருப்பதுதான் ஆபத்து.

சிஸ்ட் கொழுப்பே இல்லை. தோலின் மேற்புறச் செல்கள் உள்ளே மடங்கி ஒரு பையாகி, அந்தப் பைக்குள்ளேயே செத்த செல்களை உதிர்த்துக்கொண்டே இருக்கின்றன. வெளியே உதிர வேண்டிய அழுக்கு உள்ளே சேர்ந்து, வெள்ளையாக, நாற்றமடிக்கும் மாவுபோல ஆகிறது. பிதுக்குகிறவர்கள் அதைப் பார்த்துக் "கொழுப்பு வந்துடுச்சு, இனி சரியாயிடும்" என்று நினைக்கிறார்கள். பை உள்ளேயே இருக்கிறது, அது திரும்ப உதிர்க்கும், சில மாதங்களில் கட்டி பழைய இடத்திலேயே நிற்கும். அதைவிட மோசம், பிதுக்கும் வேகத்தில் பை உள்பக்கமாக உடைவது. அப்போது அந்த மாவு தோலுக்கடியில் சிதறி, உடம்பு அதை அந்நியப் பொருளாக எதிர்க்கிறது. சிவந்து, வீங்கி, ஒரு நாளில் வலி தாங்க முடியாமல் போகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு அது பெரிய சீழ்க்கட்டியாகவும் ஆகலாம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போட்டுவிட்டு, கட்டியும் தோல் வெந்த புண்ணுமாக வருகிறவர்களும் உண்டு.

ஆக, லைபோமாவை வருடக்கணக்கில் விட்டுவிடலாம், அதனால் நஷ்டம் இல்லை. சிஸ்டையும் விடலாம். ஆனால் ஒருமுறை சிவந்து அடங்கிய சிஸ்ட் மறுபடியும் சிவக்க வாய்ப்பு அதிகம். அதனால் அமைதியாக இருக்கும்போதே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். சிவந்திருக்கும்போது எடுக்கக் கூடாது. அந்த நேரத்தில் பைச்சுவர் நைந்து, முழுசாக உரிந்து வராது, ஒரு துண்டு தங்கினாலும் திரும்ப வளரும். சீழ் இருந்தால் திறந்து வடியவிட்டு, நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்து, வீக்கம் நன்றாக அடங்கியபின் கரும்புள்ளி இருக்கும் தோல் துணுக்கையும் சேர்த்து எடுக்க வேண்டும். "போன தடவை ஆபரேஷன் பண்ணியும் திரும்ப வந்துடுச்சு" என்று சொல்கிறவர்களிடம் விசாரித்தால், பலருக்கும் நடந்தது சீழை வடித்ததுதான், பையை எடுத்ததல்ல.

தோளில் ஒன்று, தொடையில் ஒன்று

ஓர் எடுத்துக்காட்டைக் கடைசிவரை பார்ப்போம். மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர், வயது 46. வலது தோளின் மேல் ஏழு வருடமாக ஒரு கட்டி. நீளம் 4 செ.மீ., அகலம் 3. தோலைக் கிள்ளினால் தனியாக வருகிறது, விளிம்பு நழுவுகிறது, கையைத் தூக்கி இறுக்கினாலும் நகர்கிறது. மூன்று வருடத்துக்கு முன் எடுத்த போட்டோவிலும் இதே அளவு. இது லைபோமா என்று சொல்ல ஸ்கேன்கூட அவசியமில்லை. சந்தேகம் இருந்தால் எடுக்கலாம். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கதிர்வீச்சு இல்லை, வலியும் இல்லை, கட்டி சவ்வுக்கு மேலா கீழா என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஊசி போட்டு டெஸ்ட் எடுக்கலாமா என்று அவர் மனைவி கேட்கிறார். இங்கே அதனால் லாபம் கம்மி. மெல்லிய ஊசியில் உறிஞ்சினால் கொழுப்புச் செல்கள் வரும். அவை கட்டியிலிருந்து வந்தவையா, பக்கத்தில் எல்லோருக்கும் இருக்கும் சாதாரணக் கொழுப்பிலிருந்து வந்தவையா என்று பார்த்துச் சொல்வது கஷ்டம்.

மிச்சம் இருப்பது விடுவதா எடுப்பதா என்பதுதான். இதில் மருத்துவக் காரணத்தைவிட அவருடைய தொழில் பெரிய காரணம். மூட்டை உட்காரும் இடத்திலேயே கட்டி இருக்கிறது, தினமும் அழுந்தி மாலையில் ஒரு உளைச்சல். எடுத்தால் அது போகும். எடுப்பதும் பெரிய வேலை இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு, தோலின் மடிப்புக்கோட்டின் போக்கில் கீறி, விரலாலேயே சுற்றி விடுவித்தால் கட்டி உறையோடு வெளியே வந்துவிடும். அரை மணி, முக்கால் மணி நேரம், அன்றைக்கே வீடு. தையலைப் பத்திலிருந்து பதினான்கு நாளில் பிரிப்பார்கள். ஆனால் அத்தோடு வேலைக்குப் போய்விட முடியாது. தோளில் மூட்டை ஏற்ற இன்னும் ஒன்றிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். கட்டி இருந்த பள்ளத்தில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு, ஓரிரு தடவை ஊசியால் இழுத்துவிட்டால் அடங்கும். தினக்கூலிக்காரருக்கு இது கிட்டத்தட்ட ஒரு மாத வருமானக் கணக்கு.

இன்னொன்றும் இருக்கிறது, இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் பின்னால் மனக்கசப்புதான். தோள், நெஞ்சின் நடுப்பகுதி, மேல்முதுகு ஆகிய இடங்களில் நம்மைப் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடித்து, கெலாய்டாக வளர வாய்ப்பு உண்டு. சிலருக்கு அது எடுத்த கட்டியைவிடப் பார்வைக்கு மோசமாகி அரிக்கவும் செய்யும். காதுகுத்திய இடமோ, தடுப்பூசி போட்ட இடமோ, பழைய வெட்டுக்காயமோ தடித்து வளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் யாருக்கு அந்தச் சுபாவம் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். அழகுக்காக மட்டும் தோள் கட்டியை எடுக்கச் சொல்லி வரும் இளைஞர்களிடம் நான் முதலில் காது மடலையும் பழைய தழும்புகளையும்தான் பார்ப்பேன். சின்னக் கீறலில் உறிஞ்சி எடுக்கும் முறையும் இருக்கிறது, தழும்பு சிறிதாகும். உறை உள்ளே தங்குவதால் திரும்ப வரும் வாய்ப்பு கூடும்.

நம் ஆளுக்குக் காது சுத்தம், பழைய வெட்டுத் தழும்பும் மெல்லிய கோடுதான். "அண்ணே, அவசரம் ஒண்ணும் இல்ல. மழைக்காலத்துல வரத்து குறையும்ல, அப்ப எடுத்துக்கலாம். அதுவரைக்கும் மூட்டைய இடது தோளுக்கு மாத்திப் பாருங்க." இதுதான் அவருக்குச் சொல்ல வேண்டிய பதில். ஆறு மாதம் தள்ளிப்போடுவதால் எந்த ஆபத்தும் கூடவில்லை. இடைப்பட்ட காலத்தில் அளவு கூடினால் மட்டும் முன்னதாக வர வேண்டும். அளவைக் கையால் குத்துமதிப்பாகப் பார்ப்பதைவிட மாதம் ஒருமுறை தையல் டேப்பை வைத்து அளந்து செல்போனில் குறித்துக்கொள்வது மேல். தினமும் தடவிப் பார்க்கிறவருக்குக் கட்டி வளர்ந்ததும் தெரியாது, வளராததும் தெரியாது.

அவர் மழைக்காலத்தில் எடுத்துக்கொண்டு சௌகரியமாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துவிட்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து அவருடைய மச்சான் வருகிறார், வயது 52. முன்தொடையில் கட்டி, வலி இல்லை, மெத்தென்று இருக்கிறது, தள்ளினால் கொஞ்சம் ஆடுகிறது. ஒரு வருடமாகத்தான் கண்ணில் படுகிறது, இப்போது பேண்ட் அந்தக் காலில் மட்டும் இறுக்குகிறது. "மாமாவுக்கு எடுத்த மாதிரியே இதையும் எடுத்துவிட்டுருங்க சார்."

இங்கேதான் எல்லாம் மாறுகிறது. அளந்தால் 11 செ.மீ. முழங்காலை நீட்டி இறுக்கியதும் கட்டி அசையாமல் நின்றுவிடுகிறது. ஒரே வருடத்தில் வளர்ந்திருக்கிறது. ஐந்து செ.மீ.க்கு மேல், அதாவது ஒரு நல்ல எலுமிச்சம்பழத்தைவிடப் பெரியது, சவ்வுக்கு அடியில் இருப்பது, வளர்ந்துகொண்டே போவது, ஒருமுறை எடுத்து அதே இடத்தில் திரும்ப வந்தது ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலே, வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை அதைச் சார்கோமா என்கிற மென்திசுப் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்று வைத்துத்தான் நடக்க வேண்டும். இந்த மச்சானுக்கு மூன்று இருக்கிறது. இதற்கு அர்த்தம் புற்றுநோய் என்பதல்ல. தசைக்குள் வளரும் சாதாரண லைபோமாவும் இப்படி இருக்கலாம். ஆனால் கையால் தொட்டு அதைத் தீர்மானிக்க முடியாது.

தோளுக்குப் பொருந்திய மரத்துப்போகும் ஊசியும் அரை மணி நேரக் கத்தியும் இங்கே செய்யக்கூடிய தவறுகளிலேயே பெரியது. கொழுப்புக்கட்டி என்று நினைத்துக் கீறி, விரலைவிட்டுத் துண்டு துண்டாக எடுத்த பிறகு பரிசோதனையில் சார்கோமா என்று வந்தால், அந்தச் செல்கள் விரல் போன இடம், ரத்தம் கசிந்த இடம், வடிகுழாய் வந்த வழி என்று எல்லா இடத்திலும் சிந்தியிருக்கும். முதலிலேயே முறையாகச் செய்திருந்தால் ஒரு தசைப் பகுதியோடு சுத்தமாக எடுத்திருக்கலாம். இப்போது இரண்டாவது ஆபரேஷன் அந்த இடத்தையெல்லாம் சேர்த்து எடுக்கும்படி பெரிதாகும். தோல் ஒட்டவைக்க வேண்டி வரலாம், கதிர்வீச்சும் தேவைப்படலாம்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வதை நாங்கள் சிரித்து ஒதுக்கிவிடுகிறோம். முழுக்க ஒதுக்கவும் முடியாது. திட்டமில்லாமல் பட்ட கத்திக்கு அது பொருந்தும். பரிசோதனைக்காகச் சரியான வழியில் குத்தும் ஊசிக்கும், முழுசாக எடுக்கும் ஆபரேஷனுக்கும் அந்தப் பயம் வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் ஊசியையும் வேண்டாமென்று ஊருக்குத் திரும்புகிறவர்கள்தான் உண்மையில் நஷ்டப்படுகிறார்கள்.

எனவே மச்சானுக்கு வரிசை இது. முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். கட்டி எந்தத் தசையில், பெரிய ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் எவ்வளவு பக்கம், முழுக்கக் கொழுப்பா அல்லது இடையில் தடித்த சுவர்களும் கொழுப்பில்லாத முடிச்சுகளும் இருக்கின்றனவா என்று அது காட்டும். முழுக்க ஒரே சீரான கொழுப்பாக இருந்தால் நிம்மதி அதிகம். தடித்த சுவரும் முடிச்சும் இருந்தால் அடுத்தது பயாப்சி. கழுத்து நெறிக்குப் பயன்படுத்தும் மெல்லிய ஊசி இதற்குப் போதாது. ஸ்கேனைப் பார்த்துக்கொண்டே தடித்த ஊசியால் நூல் நூலாகச் சதை எடுக்க வேண்டும். அந்த ஊசி போகும் பாதையைப் பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டரே குறித்துக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையையும் சேர்த்து எடுக்கும்படி கீறல் அமைய வேண்டும் என்பதால்தான். ஸ்கேன் எடுக்கும் முன்பே ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கசிந்து படம் குழம்பும், அதனால் ஸ்கேன் முதலில், ஊசி பிறகு என்ற வரிசையை மாற்றக் கூடாது.

அவருக்கு வந்த முடிவு, லைபோமாவுக்கும் முழுப் புற்றுநோய்க்கும் இடைப்பட்ட, கொழுப்பிலிருந்தே பிறக்கும் மெதுவான வகை என்று வைத்துக்கொள்வோம். தொடையில் இந்த வகை தூரத்தில் பரவுவது மிக அரிது. ஆனால் அரைகுறையாக எடுத்தால் அதே இடத்தில் வருடங்கள் கழித்தும் திரும்பும், திரும்பும்போது சில சமயம் மூர்க்கமாகவும் மாறும். ஒரே தடவையில் முழு மயக்கத்தில், உடைக்காமல், முழுசாக எடுப்பதுதான் அதற்கு வைத்தியம். அதற்குப் பிறகும் சில வருடம் போய்க் காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

அளவு சிறிதானாலும் கத்தி முந்தக் கூடாத இடங்கள்

ஐந்து செ.மீ. கணக்கு கை, கால், முதுகுக்குத்தான். சில இடங்களில் சுண்டுவிரல் நுனியளவு கட்டியும், நன்றாக நகர்ந்தாலும், வேறு கணக்கு.

கழுத்தின் பக்கவாட்டில், தாடைக்கடியில், காறை எலும்புக்கு மேலே உருண்டையாக நகர்வது பெரும்பாலும் நெறி. தொண்டைப்புண், பல்சொத்தை, தலையில் பொடுகுப்புண் இருந்தால் நெறி கட்டும், அது வலிக்கவும் செய்யும், சில நாளில் இறங்கிவிடும். இரண்டு மூன்று வாரமாகியும் இறங்காமல், வலியும் இல்லாமல் நின்றால் விடக் கூடாது. மூன்று விஷயங்கள் மனதில் வர வேண்டும். ஒன்று காசநோய், நம் பாட்டிகள் கண்டமாலை என்று சொன்னது. இரண்டாவது லிம்போமா என்கிற நெறிப் புற்றுநோய், ரப்பர்போல இருக்கும், வலிக்காது, நன்றாகவே நகரும். மூன்றாவது வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்கள், புகைப்பவர்களுக்கு வாயிலோ தொண்டையிலோ இருக்கும் புற்றுநோயிலிருந்து இறங்கியது. இது கல்போல இருக்கும், ஆரம்பத்தில் நகரும், பிறகு நகராது. இவர்களுக்குக் கழுத்தைத் தொடும் முன் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

தோள் கட்டியில் பிரயோஜனமில்லை என்று சொன்ன அதே மெல்லிய ஊசி இங்கே அருமையான கருவி. ஓ.பி.யிலேயே குத்தி, உறிஞ்சியதில் ஒரு பகுதியை மைக்ராஸ்கோப்புக்கும் ஒரு பகுதியைக் காசநோய்க் கிருமிக்கான சிபிநாட் டெஸ்டுக்கும் அனுப்பலாம். லிம்போமா சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு முழு நெறியை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். காசநோய் நெறியைச் சாதாரண சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், மாதக்கணக்கில் ஆறாமல் ஒழுகும் புரைப்புண் வரும். மாத்திரைதான் அதற்கு மருந்து. வழக்கமாக ஆறு மாதம், அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.

காது மடலுக்கு முன்னாலோ கீழேயோ, தாடை வளையும் இடத்தில் வருடக்கணக்காக இருக்கும் உருண்டை இன்னொன்று. பார்க்க சிஸ்ட் மாதிரியே இருக்கும், நகரும், வலிக்காது. பெரும்பாலும் அது பரோட்டிட் என்கிற எச்சில் சுரப்பியில் வரும் கட்டி. முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேயேதான் கிளை பிரிந்து போகிறது. சிஸ்ட் என்று நினைத்து மரத்துப்போகும் ஊசியில் தோண்டினால் வாய் கோணிப்போகலாம், கண் மூட முடியாமல் போகலாம். கட்டி உடைந்து சிந்தினால் பிற்காலத்தில் கொத்துக் கொத்தாகத் திரும்பவும் வரும். ஸ்கேனும் மெல்லிய ஊசியும் பார்த்த பிறகு, நரம்பைக் கண்டுபிடித்துக் காப்பாற்றி எடுக்கத் தெரிந்தவரிடம்தான் இது போக வேண்டும்.

மார்பகத்தில் எந்தக் கட்டியானாலும், எலிபோல ஓடினாலும், ஸ்கேன் அல்லது மேமோகிராம் உண்டு, தேவைப்பட்டால் ஊசியும். இளம்பெண்களுக்கு அது பெரும்பாலும் நார்க்கட்டிதான். அதைச் சோதனை சொல்லட்டும். விதைப்பையின் தோலில் வெள்ளை வெள்ளையாக இருக்கும் சின்ன சிஸ்ட்கள் தொந்தரவில்லாதவை. விதையிலேயே கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே ஸ்கேன், அங்கே ஊசி குத்தவே கூடாது. குழந்தைகளுக்கு மூக்கின் மேல்நுனியிலோ, இடுப்புக்குக் கீழே முதுகுத்தண்டின் நடுக்கோட்டிலோ பிறந்ததிலிருந்து இருக்கும் மெத்தென்ற கட்டி உள்ளே மூளையோடோ தண்டுவடத்தோடோ தொடர்பு வைத்திருக்கலாம். ஸ்கேன் இல்லாமல் யாரும் கத்தி வைக்கக் கூடாது.

மதுரையில் யாரிடம் போவது, எதைக் கேட்டு வாங்குவது

தோளில், முதுகில், புஜத்தில் வருடக்கணக்காக ஒரே அளவில் இருக்கும் சின்னக் கட்டிக்கும் சிஸ்டுக்கும் திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி அரசு மருத்துவமனையோ, பொது அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரோ போதும். பஸ் ஏறி மதுரைக்கு வரவேண்டிய அவசியமில்லை. கழுத்துக்கும் காதோரத்துக்கும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்ப்பது நேர்வழி. தொடைக்கட்டி போன்றதை நேராகப் பெரியாஸ்பத்திரி மாதிரி ஸ்கேன், பயாப்சி, புற்றுநோய் அறுவை எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் யாரும் "இப்பவே எடுத்துரலாம்" என்று சொன்னால், "ஸ்கேன்ல இது சவ்வுக்கு மேலயா கீழயா சார்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஸ்கேனே எடுக்கவில்லை என்றால் அன்றைக்கு ஆபரேஷன் வேண்டாம்.

சர்க்கரை இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்க இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ மாத்திரை சாப்பிட்டால், மரத்துப்போகும் ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

எடுத்த கட்டியைக் காட்டிவிட்டுக் குப்பையில் போடவிடாதீர்கள். எவ்வளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் அது பார்மலின் பாட்டிலில் பரிசோதனைக்குப் போக வேண்டும். சில இடங்களில் பாட்டிலை நம் கையில் கொடுத்து லேபுக்குக் கொண்டுபோகச் சொல்வார்கள். பாட்டிலில் பெயர், வயது, எடுத்த இடம், தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அதற்குப் பணம் எதற்கு என்று யோசித்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தையல் பிரிக்கப் போகும்போது ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் படிக்கச் சொல்லுங்கள். லைபோமா என்றோ எபிடெர்மாய்டு சிஸ்ட் என்றோ இருந்தால் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும், மறுபரிசோதனை தேவையில்லை. வேறு எந்தப் பெயர் இருந்தாலும், காயம் ஆறிவிட்டது என்று ஊருக்குப் போய்விடாமல், அந்தத் தாளையும் ஸ்கேன் படத்தையும், இருந்தால் எடுத்த சதையை மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் மெழுகுக்கட்டையையும் வாங்கிக்கொண்டு அதே வாரத்தில் பெரியாஸ்பத்திரியின் புற்றுநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும்.